குழந்தைக்கு மாண்டூவா, டிபி கோல்டா?

வீட்டில் அப்பாவுக்கு இரண்டு மாத இருமல். சளிப் பரிசோதனையில் காசநோய்க் கிருமி தெரிந்து சிகிச்சை தொடங்கிவிட்டது. அதே வீட்டில் மூன்று வயதுப் பெண் குழந்தையும் ஒன்பது வயதுப் பையனும் இருக்கிறார்கள். இருவருக்கும் பிறந்தவுடன் பி.சி.ஜி. தடுப்பூசி போட்டிருக்கிறது, இருவரும் நன்றாக விளையாடுகிறார்கள், இருமலும் காய்ச்சலும் இல்லை. நோய் வராத இந்தக் குழந்தைகளின் உடலில் கிருமி மட்டும் புகுந்து அடங்கிக் கிடக்கிறதா என்பதே கேள்வி. இதற்குக் கையில் ஊசி போட்டுப் பார்க்கும் மாண்டூ சோதனை இருக்கிறது. ஆய்வகங்களில் ‘டிபி கோல்டு’ என்றும் மருத்துவர்களிடையே ‘இக்ரா’ என்றும் வழங்கும் ரத்தப் பரிசோதனையும் இருக்கிறது. இரண்டாவது புதியது, விலை கூடியது, எண்ணாக முடிவு தருவது. அதனால் அதுவே துல்லியமானது என்று பெற்றோர் நினைப்பது இயல்பு. குழந்தைகளைப் பொறுத்தவரை இந்த எண்ணம் பாதிதான் சரி. மேலே சொன்ன இரு குழந்தைகளையும் எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டே அதைப் பார்க்கலாம்.

இரண்டு சோதனைகளும் கிருமியைத் தேடுவதில்லை என்பதை முதலில் மனத்தில் வைக்க வேண்டும். காசநோய்க் கிருமியை முன்பு சந்தித்த வெள்ளணுக்கள் உடலில் இருக்கின்றனவா என்று மட்டுமே இரண்டும் கேட்கின்றன. ஒன்று அந்தக் கேள்வியைத் தோலுக்குள் கேட்கிறது, மற்றது சோதனைக் குழாய்க்குள் கேட்கிறது. ஆகவே பாசிட்டிவ் முடிவு தொற்று அடங்கிக் கிடக்கிறதா, நோயாக மாறிவிட்டதா என்பதைச் சொல்லாது. நெகட்டிவ் முடிவு நோய் இல்லை என்பதற்குச் சான்றும் ஆகாது. காசநோய் உறுதியான குழந்தைகளிலேயே ஏறத்தாழ ஐந்தில் ஒருவரை இரண்டு சோதனைகளும் தவறவிடுகின்றன, ஊட்டச்சத்துக் குறைந்த குழந்தைகளில் இன்னும் கூடுதலாகவே தவறவிடுகின்றன.

தோலில் எழும் தடிப்பு

மாண்டூ சோதனையில் டியூபர்குலின் என்னும் புரதக் கலவை 0.1 மில்லி அளவு முன்கையின் உட்பக்கத் தோலுக்குள் செலுத்தப்படுகிறது. தோலுக்கு அடியில் அல்ல, தோலின் அடுக்குக்குள்ளேயே அது இறங்க வேண்டும். சரியாக இறங்கினால் அங்கே 6 முதல் 10 மி.மீ. அகலமுள்ள வெளுத்த கொப்புளம் உடனே எழும். கொப்புளம் எழவில்லை என்றால் மருந்து ஆழத்தில் போய்விட்டது என்று பொருள், வேறு இடத்தில் மீண்டும் போட வேண்டும். கைகால் உதறும் குழந்தையிடம் இது எளிதான வேலை அல்ல. 48 முதல் 72 மணி நேரத்துக்குள் திரும்ப வந்து அளக்க வேண்டும்.

இங்கேதான் தவறு அதிகம் நடக்கிறது. அளக்க வேண்டியது சிவப்பை அல்ல, விரலால் தடவினால் கெட்டியாகத் தட்டுப்படும் தடிப்பை. அதுவும் கையின் குறுக்குவாட்டில். பால்பாயின்ட் பேனாவை இரு புறமிருந்தும் தடிப்பை நோக்கி நகர்த்தி, அது தடுத்து நிற்கும் இடங்களுக்கு இடையேயுள்ள தூரத்தை எடுப்பது பழைய, நம்பகமான முறை. முடிவை ‘பாசிட்டிவ்’ என்று எழுதுவதைவிட ‘8 மி.மீ.’ என்று எழுதுவதே சரி. ஏனெனில் ஒரே 8 மி.மீ. ஒரு குழந்தைக்குப் பாசிட்டிவாகவும் இன்னொரு குழந்தைக்கு நெகட்டிவாகவும் இருக்கலாம். எச்.ஐ.வி. தொற்றுள்ள குழந்தைக்கு 5 மி.மீ. போதும். இந்தியக் குழந்தை மருத்துவ வழிகாட்டுதலில் மற்றக் குழந்தைகளுக்கு 10 மி.மீ. எல்லையாக இருக்கிறது. அமெரிக்க வழிகாட்டுதலோ காசநோயாளியுடன் நெருங்கிப் பழகியவர் அனைவருக்கும் 5 மி.மீ. என்கிறது.

டியூபர்குலினின் அளவும் முக்கியம். ஆர்.டி.23 வகையில் 2 அலகு என்பதே இந்தியாவில் பரிந்துரைக்கப்படுவது, 10 மி.மீ. எல்லையும் அந்த அளவுக்கு வகுக்கப்பட்டதே. சந்தையில் 5 அலகும் 10 அலகும் கிடைக்கின்றன. மருந்தின் செறிவு ஏறினால் தொற்றே இல்லாத குழந்தையின் கையும் தடிக்கும். ஆகவே ‘மாண்டூ பாசிட்டிவ்’ என்ற சீட்டைக் கையில் வாங்கும் பெற்றோர் எத்தனை அலகு, எத்தனை மி.மீ., எத்தனையாவது மணி நேரத்தில் பார்த்தது என்று கேட்பதில் தவறே இல்லை. இந்த மூன்றும் எழுதப்படாத சீட்டை வைத்து ஆறு மாத மருந்து தொடங்குவது நியாயமில்லை.

மாண்டூவின் அடிப்படைக் குறை ஊசி போடும் திறமையில் இல்லை, மருந்திலேயே இருக்கிறது. டியூபர்குலின் பல புரதங்கள் கலந்த வடிநீர். அவற்றில் பெரும்பாலானவை பி.சி.ஜி. கிருமியிலும், மண்ணிலும் நீரிலும் வாழும் காசநோயல்லாத மைக்கோபாக்டீரியாக்களிலும் உண்டு. பி.சி.ஜி.யின் தாக்கத்தை மக்கள் பெரிதாக எண்ணுகிறார்கள். பிறந்தவுடன் போட்ட தடுப்பூசியின் தோல் எதிர்வினை வளர வளரக் குறைந்துவிடுகிறது, பத்தாண்டு கடந்தபின் அதனால் மட்டுமே பாசிட்டிவ் ஆவோர் மிகச் சிலரே. நம் ஊர் மண் வேறு கதை. 1968இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய பெரிய பி.சி.ஜி. ஆய்வில், அப்பகுதி மக்களிடம் இத்தகைய சூழல் மைக்கோபாக்டீரியாக்களுக்கு எதிரான தோல் எதிர்வினை மிகப் பரவலாகக் காணப்பட்டது. அந்த ஆய்வில் பி.சி.ஜி. நுரையீரல் காசநோயைத் தடுக்கவில்லை என்று தெரிந்தபோது, அதற்கான விளக்கங்களில் ஒன்றாகவும் இதுவே முன்வைக்கப்பட்டது. ஆகவே தமிழ்நாட்டில் வளர்ந்த பிள்ளையின் கையில் தெரியும் சிறிய தடிப்பைச் சற்றுச் சந்தேகத்தோடு பார்ப்பது பொருத்தமே.

குழாய்க்குள் கேட்கும் கேள்வி

ரத்தப் பரிசோதனை இந்தக் குறையைத்தான் தீர்க்க வந்தது. பி.சி.ஜி. கிருமியை உருவாக்கியபோது அதன் மரபணுத் தொகுப்பிலிருந்து ஒரு துண்டு விடுபட்டுப்போனது. அந்தத் துண்டில் இருந்து உருவாகும் இசாட்-6, சி.எஃப்.பி-10 என்னும் இரு புரதங்களை மட்டும் ரத்தத்தோடு சேர்த்தால், பி.சி.ஜி.யை மட்டுமே சந்தித்த வெள்ளணு அவற்றை அடையாளம் காணாது. காசநோய்க் கிருமியைச் சந்தித்த அணு கண்டுகொண்டு இன்டர்ஃபெரான் காமா என்னும் வேதிப்பொருளைச் சுரக்கும். சூழல் கிருமிகளில் கன்சாசி, மரினம் போன்ற சிலவற்றில் மட்டும் இந்தப் புரதங்கள் உண்டு, பெரும்பாலானவற்றில் இல்லை.

டிபி கோல்டு பிளஸ் என்று இப்போது வழக்கில் உள்ள முறையில் நான்கு குழாய்களில் தலா 1 மில்லி ரத்தம் எடுக்கிறார்கள். ஒன்றில் எதுவும் இல்லை, குழந்தையின் ரத்தத்தில் இயல்பாகவே எவ்வளவு இன்டர்ஃபெரான் இருக்கிறது என்பதைக் காட்டுவதற்கு அது. இரண்டில் காசநோய்ப் புரதங்கள் உண்டு. நான்காவதில் மைட்டோஜன் என்னும் பொதுத் தூண்டி இருக்கிறது. எந்த வெள்ளணுவையும் உசுப்பிவிடும் அந்தப் பொருளுக்கும் பதில் வரவில்லை என்றால், குழந்தையின் அணுக்கள் இன்று பேசும் நிலையில் இல்லை அல்லது மாதிரி கெட்டுவிட்டது என்று தெரியும். குழாய்களை 37 டிகிரி வெப்பத்தில் 16 முதல் 24 மணி நேரம் வைத்து, பிறகு இன்டர்ஃபெரானை அளக்கிறார்கள். காசநோய்ப் புரதக் குழாய்களில் ஏதேனும் ஒன்றின் அளவிலிருந்து வெற்றுக் குழாயின் அளவைக் கழித்தால் 0.35 அலகோ அதற்கு மேலோ வர வேண்டும், அது வெற்றுக் குழாய் அளவில் கால் பங்குக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். அப்போதுதான் பாசிட்டிவ். மைட்டோஜன் குழாயில் கழித்த மிச்சம் 0.5க்குக் கீழே இருந்து, புரதக் குழாய்களும் பதில் சொல்லவில்லை என்றால் முடிவு ‘இன்டிடெர்மினேட்’, அதாவது எதுவும் சொல்ல இயலாது.

உயிருள்ள அணுக்களைக் கொண்டு செய்யும் சோதனை இது என்பதால், ரத்தம் எடுத்ததிலிருந்து கதகதப்புப் பெட்டியில் வைக்கும்வரை உள்ள நேரம் முடிவை மாற்றும். சிறிய ஊரில் மாலையில் எடுத்த ரத்தம் மறுநாள் பகலில் நகரத்து ஆய்வகத்தைச் சேர்ந்தால் பதில் மங்கிவிடக்கூடும். குழாயின் உள்சுவரில் பூசிய புரதம் கரையுமளவுக்குக் குலுக்காவிட்டாலும், அளவுக்கு மீறிக் குலுக்கினாலும் பிழை வரும். ரத்தம் எடுத்த இடத்திலேயே கதகதப்புப் பெட்டி இருக்கிறதா என்று விசாரிப்பது, ஆய்வகத்தின் பெயரையும் விலையையும் விசாரிப்பதைவிடப் பயனுள்ளது.

இந்தப் பரிசோதனைக்கும், 2012இல் இந்திய அரசு தடைசெய்த ‘டிபி ரத்தப் பரிசோதனை’க்கும் தொடர்பில்லை என்பதை இடையில் சொல்லிவிட வேண்டும். தடைசெய்யப்பட்டவை ரத்தத்தில் எதிர்ப்பொருளைத் தேடியவை, பொய்யான முடிவுகளுக்குப் பேர்போனவை. இக்ரா அந்த வகையல்ல. ஆனாலும் இக்ராவை வைத்து நோய் இருக்கிறது, இல்லை என்று முடிவுகட்டுவதையும் உலகச் சுகாதார நிறுவனம் நம் போன்ற நாடுகளுக்குப் பரிந்துரைக்கவில்லை.

வயது குறுக்கிடும் இடம்

இதுவரை பார்த்தால் ரத்தப் பரிசோதனையே மேல் என்று தோன்றும். பெரியவர்களுக்கு அது பெரும்பாலும் சரி. சிறு குழந்தையின் நோயெதிர்ப்பு அணுக்களோ இன்டர்ஃபெரான் காமாவைக் குறைவாகவே சுரக்கும். ஆகவே ஐந்து வயதுக்குக் கீழே, அதிலும் முதல் இரண்டு ஆண்டுகளில், ‘சொல்ல இயலாது’ என்ற முடிவு கூடுதலாக வருகிறது. அதைவிட ஆபத்தானது, தொற்று இருந்தும் நெகட்டிவ் வருவது. நான்கு மில்லி ரத்தத்தை மெலிந்த கைக்குழந்தையின் நரம்பிலிருந்து எடுப்பதும் பல வேளை இயலாமல் போகிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமி இரண்டு வயது முதல் ரத்தப் பரிசோதனையைப் பயன்படுத்தலாம் என்கிறது. அதற்குக் கீழே தோல் சோதனைக்கே முன்னுரிமை தருகிறது. தோல் சோதனையும் ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தையிடம் நம்பத்தக்கதல்ல. கடுமையான ஊட்டச்சத்துக் குறைவும் ஸ்டீராய்டு மருந்தும் இரண்டு சோதனைகளையும் ஊமையாக்கும். தட்டம்மை நோயும் அப்படியே. தட்டம்மைத் தடுப்பூசி போடும் நாளிலேயே சோதனை செய்யலாம், இல்லையேல் நான்கு முதல் ஆறு வாரம் பொறுக்க வேண்டும். கிருமி புகுந்த உடனேயும் எந்தச் சோதனையும் பதில் சொல்லாது. அதற்கு இரண்டு முதல் பத்து வாரங்கள் ஆகலாம்.

சோதனை தடுமாறும் அதே வயதில்தான் நோயின் வேகமும் அதிகம். மருந்துகள் வராத காலத்துப் பதிவுகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஒரு வயது நிறையுமுன் தொற்றுக்கு ஆளான குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு நோய் வந்தது, அதில் மூளைக்காய்ச்சல் வகையும் கணிசம். ஐந்து முதல் பத்து வயதுக்குள் தொற்றியவர்களில் நோய்ப்பட்டோர் நூற்றுக்கு இருவர் அளவே. நோய் பெரும்பாலும் தொற்றிய ஓராண்டுக்குள்ளேயே வந்துவிட்டது. ஆகவே மூன்று வயதுக்காரி விஷயத்தில் தவறான நெகட்டிவுக்கு நாம் தரும் விலை, தவறான பாசிட்டிவுக்குத் தரும் விலையைவிட மிகப் பெரிது.

இரு குழந்தைகளும் இரு முடிவுகளும்

மூன்று வயதுப் பெண்ணுக்கு எந்தச் சோதனை? என் பதில், எதுவும் வேண்டாம் என்பதே. இந்தியக் காசநோய் ஒழிப்புத் திட்டத்தின் நெறியும் இதுதான். நுரையீரல் காசநோயாளியுடன் ஒரே வீட்டில் வாழும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு, நோய் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, தொற்றுச் சோதனை எதுவும் செய்யாமலேயே தடுப்பு மருந்து தொடங்கலாம். நோய் இல்லை என்று உறுதிசெய்வதுதான் உண்மையான வேலை. எடை கூடுகிறதா, இருமலோ காய்ச்சலோ இருக்கிறதா, கழுத்தில் கட்டி உண்டா என்று பார்க்க வேண்டும், தேவையானால் மார்பு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். பிறகு ஆறு மாத ஐசோனியாசிட். அல்லது இரண்டு வயது கடந்ததால், ஐசோனியாசிடும் ரிஃபாபென்டினும் சேர்ந்து வாரம் ஒருமுறை பன்னிரண்டு வாரம். அப்பாவுக்கு வந்தது ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படும் கிருமிதானா என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்படியும் பெற்றோர் ரத்தப் பரிசோதனை எடுத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். வெற்றுக் குழாய் 0.05, காசநோய்ப் புரதக் குழாய்கள் 0.07, 0.09, மைட்டோஜன் 0.38. வெற்றைக் கழித்தால் புரதக் குழாய்களில் 0.02, 0.04. இந்த இரண்டு எண்களை மட்டும் பார்ப்பவர் நெகட்டிவ் என்று நிம்மதி அடைவார். ஆனால் மைட்டோஜனில் மிச்சம் 0.33, அதாவது 0.5க்குக் கீழே. பொதுத் தூண்டிக்கே வாய் திறக்காத அணுக்கள் காசநோய்ப் புரதத்துக்கு மௌனமாக இருந்ததில் எந்தச் செய்தியும் இல்லை. இந்தச் சீட்டால் மருத்துவரின் முடிவு மாறக் கூடாது, மருந்து தொடங்குவதும் தள்ளிப்போகக் கூடாது.

ஒன்பது வயதுப் பையன் விஷயத்தில் சோதனைக்கு இடமுண்டு. அவனுக்கு 2 அலகு மாண்டூ போட்டு 48 மணி நேரத்தில் பார்க்கிறார்கள். சிவப்பு 20 மி.மீ., தடிப்பு 8 மி.மீ. சிவப்பை அளந்தவர் பெரிய பாசிட்டிவ் என்பார். தடிப்பை அளந்தவருக்கோ 10 என்ற எல்லைக்கும் 5 என்ற எல்லைக்கும் நடுவே ஒரு எண் கிடைக்கிறது. இங்கேதான் ரத்தப் பரிசோதனையைத் துணைக்கு அழைக்கலாம். ஆனால் அதை மாண்டூ பார்த்த அன்றே எடுத்துவிட வேண்டும். தோலுக்குள் போட்ட டியூபர்குலினிலும் அதே புரதங்கள் இருப்பதால், மூன்று நாளுக்கு மேல் கழித்து எடுக்கும் ரத்தத்தில் அந்த ஊசியின் தூண்டுதலே கலந்துவிடக்கூடும்.

அன்றே எடுத்த முடிவு: வெற்று 0.10, புரதக் குழாய்கள் 0.52, 0.60, மைட்டோஜன் 10க்கு மேல். கழித்தால் 0.42, 0.50. பாசிட்டிவ்தான், ஆனால் எல்லைக்கோட்டை ஒட்டியது. இந்த அளவில் உள்ள ரத்தத்தை அடுத்த வாரம் மறுபடி சோதித்தால் 0.30 வந்து நெகட்டிவ் ஆவதும் உண்டு. 0.2க்கும் 0.7க்கும் இடைப்பட்ட எண்களை எந்தப் பக்கமும் உறுதியாகச் சாய்க்காமல், குழந்தையின் சூழ்நிலையோடு சேர்த்தே படிக்க வேண்டும். இவன் சூழ்நிலை தெளிவானது. இரண்டு மாதம் இருமிய அப்பாவோடு ஒரே அறையில் தூங்கியவன், தோலும் ரத்தமும் ஒரே திசையில் கை காட்டுகின்றன. எக்ஸ்ரே சுத்தமாக இருந்தால் தடுப்பு மருந்து தரலாம். இரண்டும் நெகட்டிவாக வந்திருந்தால், அப்பாவின் சிகிச்சை தொடங்கி எட்டு முதல் பத்து வாரம் கழித்து மீண்டும் பார்க்கலாம். சோதனை வசதி இல்லாத ஊரில், நோய் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு சோதனை இல்லாமலேயே மருந்து கொடுப்பதையும் திட்டம் அனுமதிக்கிறது.

தொடர்பே இல்லாத குழந்தை

வீட்டில் காசநோயாளி யாரும் இல்லை. குழந்தை சரியாகச் சாப்பிடுவதில்லை, அடிக்கடி சளி பிடிக்கிறது, கழுத்தில் பட்டாணி அளவில் நெறி கட்டியிருக்கிறது. நம் வீடுகளில் ‘பிரைமரி காம்ப்ளக்ஸ்’ என்ற பெயர் உலவுவது இத்தகைய குழந்தைகளைச் சுற்றித்தான். மாண்டூ போட்டு, கை தடித்ததும் ஆறு மாத மருந்து என்பது எத்தனையோ குடும்பங்கள் கேட்ட கதை. இங்கே கணக்கு எப்படி மாறுகிறது என்று பார்க்க, கற்பனையாகச் சில எண்களை எடுத்துக்கொள்வோம். தொற்றுள்ள பத்துப் பேரில் எட்டுப் பேரை இரண்டு சோதனைகளும் கண்டுபிடிக்கின்றன என்றும், தொற்றில்லாத நூறு பேரில் மாண்டூ பத்துப் பேரையும் ரத்தப் பரிசோதனை இரண்டு பேரையும் தவறாகப் பாசிட்டிவ் என்கின்றன என்றும் வைப்போம். ஆயிரம் குழந்தைகளில் இருபது பேருக்கே தொற்று என்றால், மாண்டூ பாசிட்டிவ் ஆகும் 114 பேரில் உண்மையில் தொற்றுள்ளவர் 16 பேர். ரத்தப் பரிசோதனையில் 36 பேர் பாசிட்டிவ், உண்மை அதே 16. காசநோயாளி வீட்டுக் குழந்தைகள் ஆயிரம் பேரில் நானூறு பேருக்குத் தொற்று என்று எடுத்தால், மாண்டூ காட்டும் 380 பேரில் 320 பேருக்கு உண்மையாகவே தொற்று, ரத்தம் காட்டும் 332 பேரில் அதே 320.

அதாவது தொற்றுக்கு வாய்ப்பு அதிகமுள்ள வீட்டில் இரு சோதனைகளுக்கும் இடையே வேறுபாடு சிறிது, மலிவான மாண்டூவே போதும். வாய்ப்புக் குறைந்த குழந்தையிடம் ரத்தப் பரிசோதனை தெளிவாக மேல், ஆனாலும் பாதிக்கு மேல் தவறு. பசியில்லை என்பதற்காக இரண்டில் எதையும் செய்யாமலிருப்பதே இங்கே சரியான தேர்வு. உண்மையாகவே நோய் என்று சந்தேகம் இருந்தால் எக்ஸ்ரே எடுத்து, காலையில் வெறும் வயிற்றில் இரைப்பை நீரோ சளியோ எடுத்து மரபணுச் சோதனைக்கு அனுப்ப வேண்டும்.

தொடர்பில்லாத குழந்தையிடமும் ரத்தப் பரிசோதனை தன் விலைக்கு ஈடு தரும் இடம் ஒன்று உண்டு. மூட்டுவாத நோய்க்கு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் உயிரியல் மருந்து தொடங்கப்போகும் ஐந்து வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு, மருந்து தொடங்குமுன் தொற்று இருக்கிறதா என்று தெரிந்தாக வேண்டும். ஸ்டீராய்டு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் தோலும் ரத்தமும் இரண்டுமே மங்கும் என்பதால், இரண்டையும் செய்து, எது பாசிட்டிவ் ஆனாலும் தொற்று என்று கொள்வது பாதுகாப்பானது.

இரண்டின் நல்ல பக்கங்களையும் சேர்க்கும் முயற்சி ஒன்று வந்திருக்கிறது. இசாட்-6, சி.எஃப்.பி-10 புரதங்களையே டியூபர்குலினுக்குப் பதிலாகத் தோலுக்குள் போட்டு, மாண்டூ போலவே தடிப்பை அளப்பது. பி.சி.ஜி. குழப்பம் இல்லை, ஆய்வகமும் வேண்டாம், எல்லாருக்கும் 5 மி.மீ. என்ற ஒரே எல்லை. 2022இல் உலகச் சுகாதார நிறுவனம் இந்த வகையை ஏற்றது. ரஷ்யாவில் இதன் ஒரு வடிவம் பள்ளிக் குழந்தைகளிடம் பல ஆண்டுகளாகப் பயன்படுகிறது. இந்தியாவில் சீரம் நிறுவனத்தின் சை-டிபி அதே ஆண்டு ஒப்புதல் பெற்றது, ஆனால் பதினெட்டு வயது நிறைந்தவர்களுக்கு மட்டும்.